118 படிவங்களும் ஒரு கடிதமும்

"தவிர்க்க முடியாத காரணங்களால் களப்பணி தாமதமாகிவிட்டது. ஆகவே ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒரு மாத கால அவகாசம் தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

முதுகலை இறுதியாண்டு மாணவர்களுக்கு நெறியாளராக இருக்கும் பேராசிரியர்களுக்கு இந்த வரிகள் மனப்பாடம். பிப்ரவரி கடைசியில், ஆய்வேட்டின் முழு வரைவைக் கொடுக்க வேண்டிய நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பாக இப்படியொரு கடிதம் வரும். அதில் பணிவு இருக்கிறது, மரியாதை இருக்கிறது. ஆனால் நெறியாளர் ஒரு முடிவெடுக்கத் தேவையான எதுவும் அதில் இல்லை. எத்தனை பேரைச் சந்திக்கத் திட்டம்? எத்தனை பேரைச் சந்தித்தாயிற்று? எந்த ஊர் மிச்சம்? ஏன் ஒரு மாதம், ஏன் மூன்று வாரம் இல்லை? இவற்றுக்குப் பதில் தெரியாத ஆசிரியர் இரக்கப்பட்டு ஒப்புக்கொள்வார், இல்லையென்றால் எரிச்சலில் மறுப்பார். இரண்டுமே ஆய்வைப் பார்த்து எடுத்த முடிவாக இருக்காது.

கால நீட்டிப்புக் கடிதத்தைப் பலரும் விடுப்பு விண்ணப்பத்தின் தம்பியாக நினைக்கிறார்கள். வீடுவீடாகச் சென்று தகவல் திரட்டும் ஆய்வில் அது அப்படியல்ல. தாமதத்துக்குக் காரணமான அதே நிகழ்வு, திரட்டிய தகவலையும் மாற்றியிருக்கும். அதைக் கண்டுபிடித்து எழுதுகிற முதல் இடம் அந்தக் கடிதம்தான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை பின்தொடர்ந்து பார்க்கலாம். இதில் வரும் மாணவியும், அவருடைய நெறியாளரும், நான்கு ஊர்களும் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டவை. அவர்கள் மேல் பெய்த மழை உண்மையானது.

மாணவி சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறார். ஆண்டு 2024. தலைப்பு, சுய உதவிக் குழுப் பெண்களின் கடன் சுமை. விழுப்புரம் மாவட்டத்தில் தென்பெண்ணை ஆற்றை ஒட்டிய வட்டாரத்தில் நான்கு ஊராட்சிகளைத் தேர்ந்தெடுக்கிறார். குழுக்களின் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்தால் மொத்தம் 1,200 உறுப்பினர்கள். அத்தனை பேரையும் சந்திக்க முடியாது. எத்தனை பேரைச் சந்தித்தால் போதும் என்பதற்கு நம் கல்லூரி ஆய்வேடுகளில் அதிகம் புழங்குவது டாரோ யமானே என்பவரின் சூத்திரம்:

```
n = N / (1 + N × e²)
```

N என்பது மொத்த எண்ணிக்கை, e என்பது எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்வோம் என்பது. 5 சதவீதப் பிழைக்கு e = 0.05. கணக்குப் போட்டால் 1,200-ஐ 4-ஆல் வகுக்க வரும், விடை 300. ஆகவே பதிவேட்டில் நான்கு பேருக்கு ஒருவர் என்று பெயர்களைக் குறித்துக்கொள்கிறார். முதல் ஊரில் 80, இரண்டாவதில் 70, மூன்றாவதில் 85, நான்காவதில் 65.

ஒரு பெண்ணிடம் கேள்விகளைக் கேட்டு முடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பகலில் பெண்கள் கழனிக்கோ நூறு நாள் வேலைக்கோ போயிருப்பார்கள். மாலை நான்கு மணிக்கு மேல்தான் வீட்டில் ஆள் இருக்கும். மாணவியும் உதவிக்கு வரும் தோழியும் சேர்ந்தால் ஒரு நாளைக்கு 12 படிவம் முடிக்கலாம் என்பது திட்டம். 300 படிவத்துக்கு 25 நாள். நவம்பர் 11-ஆம் தேதி தொடங்கி டிசம்பர் 14-இல் முடிப்பது என்று வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் 30 நாள் கிடைக்கும். ஐந்து நாள் மழைக்கென்று ஒதுக்கியது.

அந்த ஐந்து நாள் முக்கியம். தமிழ்நாட்டில் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. கல்லூரி நாட்காட்டியோ களப்பணியைப் பெரும்பாலும் இதே மாதங்களில்தான் கொண்டுவந்து வைக்கிறது. ஆகவே "மழை பெய்ததால் தாமதம்" என்று எழுதினால், நவம்பரில் மழை வரும் என்பது தெரியாதா என்று எந்த நெறியாளரும் கேட்பார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வழக்கமான மழைக்குத் திட்டத்தில் இடம் விட்டிருந்தேன், வந்தது வழக்கமான மழை அல்ல என்று காட்ட வேண்டிய பொறுப்பு மாணவருடையது.

2024-இல் வந்தது உண்மையிலேயே வழக்கமானது அல்ல. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அங்கேயே மணிக்கணக்கில் நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. கரையோர ஊர்களுக்குள் ஆறு புகுந்தது. விக்கிரவாண்டி அருகே ரயில் பாலத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளம் ஓடியதால் சென்னைக்கும் தென் மாவட்டங்களுக்கும் இடையே ரயில்கள் நின்றன.

புயலுக்கு முந்தைய மழையிலேயே மாணவியின் களப்பணி நவம்பர் 28-ஆம் தேதியோடு நின்றுபோயிருந்தது. அன்றைக்கு அவர் பையில் இருந்தவை 118 படிவங்கள்.

தண்ணீர் வடிந்ததும் ஊருக்குப் போயிருக்கலாமே என்று தோன்றும். டிசம்பர் இரண்டாம் வாரம் அவர் போனார். மூன்றாவது ஊரில், கையில் படிவத்தோடு வந்த அவரைச் சுற்றிப் பத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். "வெள்ளப் பணத்துக்கு எழுத வந்திருக்கீங்களாம்மா? என் பேரையும் போட்டுக்கோங்க" என்றார் ஒருவர். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் நிவாரணத்தை அரசு அறிவித்திருந்த நேரம் அது. காகிதமும் பேனாவுமாக வருகிற எவரும் அப்போது நிவாரணக் கணக்கெடுப்பாளராகத்தான் தெரிவார்.

கணக்கெடுப்பு அனுபவம் உள்ளவர்கள் இந்த இடத்தில் உடனே எழுந்து வந்துவிடுவார்கள். உதவி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் சொல்லப்படும் பதில்களில் வருமானம் குறையும், கடன் கூடும். அது பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணமல்ல. வீட்டுக்குள் சேறு நிற்கும்போது தன் கஷ்டம் முழுவதும் பதிவாக வேண்டும் என்றுதான் எவரும் விரும்புவார். கடன் சுமையை அளக்க வந்த ஆய்வுக்கு இதைவிடப் பெரிய கோணல் கிடையாது. தவிர, அடுப்பு மூட்ட வழியில்லாத வீட்டில் உட்கார்ந்து முப்பது கேள்வி கேட்பது முறையும் அல்ல. மாணவி "நான் காலேஜ்லேருந்து வர்றேன், பணம் எதுவும் வராது, அப்புறம் வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அன்று அவர் ஒரு படிவம்கூட நிரப்பவில்லை. அந்த நாளின் களக்குறிப்பில் நேரத்தையும் ஊரையும் அந்தப் பெண் கேட்டதையும் எழுதி வைத்தார். பின்னால் கடிதத்துக்கு மிகவும் உதவியது இந்தக் குறிப்புதான்.

இப்போது கணக்கு. 300-இல் 118 முடிந்தது, 182 பாக்கி. நாளைக்கு 12 வீதம் போட்டால் 16 நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். பெரும்பாலான கடிதங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். திட்டத்தில் இருந்த வேகத்தை வைத்து மிச்ச நாளைக் கணக்கிடுவார்கள். அந்த வேகம் ஏற்கெனவே பொய்த்துப்போனது. நவம்பர் 11 முதல் 28 வரை ஞாயிறு தவிர 16 நாள். அதில் மழை, பூட்டிய வீடு, குழுக் கூட்டம் என்று ஆறு நாள் வீண். பத்து நாள்தான் வேலை நடந்தது. ஆகவே உண்மையான வேகம் 16 நாளில் 118, அதாவது நாளைக்கு ஏழு சொச்சம். அந்த வேகத்தில் 182 படிவத்துக்கு 25 நாள் வேண்டும். பதினாறு நாள் என்று எழுதி அவகாசம் வாங்கியிருந்தால், பிப்ரவரியில் இரண்டாவது கடிதம் எழுத வேண்டி வந்திருக்கும். ஒரு நெறியாளருக்கு மாணவர் மேலுள்ள நம்பிக்கை பெரும்பாலும் அந்த இரண்டாவது கடிதத்தில்தான் உடைகிறது.

எண்ணிக்கையைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. 118 என்பது 300-இல் ஐந்தில் இரண்டு பங்கு. இருப்பதை வைத்து முடித்துக்கொண்டால் என்ன? யமானே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், 118 பேரோடு நிறுத்தினால் பிழை எல்லை 5 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 9 சதவீதமாகிறது. ஒரு முதுகலை ஆய்வேட்டில் இதைச் சொல்லிவிட்டுக்கூடத் தப்பிக்கலாம். ஆனால் அந்த 118 எங்கிருந்து வந்தவை? முதல் ஊரில் 80-க்கு 78. இரண்டாவது ஊரில் 70-க்கு 40. மூன்றாவது, நான்காவது ஊர்களில் ஒன்றுகூட இல்லை. முதல் இரண்டும் பேருந்துத் தடத்தில் உள்ள மேட்டு ஊர்கள். பின்னிரண்டும் ஆற்றங்கரை ஊர்கள். விட்டுப்போனவர்கள் அங்கொருவர் இங்கொருவராக விட்டுப்போகவில்லை. ஆற்றை ஒட்டி வாழ்கிறவர்கள் மொத்தமாக விட்டுப்போயிருக்கிறார்கள். எந்தச் சூத்திரமும் இந்தக் குறையைச் சதவீதமாக்கிக் காட்டாது. தலைப்பில் "தென்பெண்ணைக் கரை" என்று போட்டுவிட்டுக் கரையில் இருப்பவர்களைக் கேட்காத ஆய்வாகிவிடும் அது.

இதை ஊர்வாரியாக எழுதிக் காட்டும்போதுதான் கூடுதல் நாள் எதற்கு என்பது நெறியாளருக்கு விளங்கும். "118 முடிந்தது" என்று மட்டும் எழுதியிருந்தால், "போதும், அதை வைத்து எழுதிவிடு" என்று அவர் சொல்லியிருக்கக்கூடும்.

மாணவி டிசம்பர் 4-ஆம் தேதியே நெறியாளருக்கு ஒரு சிறு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். களப்பணி நின்றுவிட்டது, ஊர் நிலவரம் பார்த்துவிட்டு முழு விவரம் தருகிறேன் என்று. முழுக் கடிதத்தை ஜனவரி 6-ஆம் தேதி எழுதினார். கெடு பிப்ரவரி 28. ஏழு வாரத்துக்கு மேல் மிச்சமிருந்தது. கடிதம் இப்படி இருந்தது:

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம்.

பொருள்: ஆய்வேட்டு முழு வரைவைச் சமர்ப்பிக்கும் நாளை 28.02.2025-இலிருந்து 24.03.2025-க்கு மாற்றித் தரக் கோருதல்.

என் ஆய்வுக்கு நான்கு ஊராட்சிகளில் 300 பேரைச் சந்திக்கத் திட்டமிட்டு 11.11.2024 அன்று களப்பணி தொடங்கினேன். 28.11.2024 வரை 118 படிவங்கள் முடிந்துள்ளன. முதல் ஊரில் 78, இரண்டாவது ஊரில் 40. ஆற்றங்கரையில் உள்ள மூன்றாவது, நான்காவது ஊர்களில் இன்னும் தொடங்கவில்லை. மழைக்காக ஐந்து நாள் ஒதுக்கியிருந்தேன். புயலும் வெள்ளமும் அதைத் தாண்டிவிட்டன.

டிசம்பரில் மூன்றாவது ஊருக்குச் சென்றபோது என்னை நிவாரணக் கணக்கெடுப்பாளர் என்று நினைத்தார்கள். அந்நேரத்தில் கடன், வருமானம் பற்றிய பதில்கள் சரியாக இருக்காது என்று தோன்றியதால் படிவம் எதுவும் நிரப்பவில்லை. பொங்கலுக்குப் பின் வரலாம் என்று குழுத் தலைவிகள் இருவரும் சொல்லியுள்ளனர்.

பாக்கி 182 படிவங்களை 20.01.2025 முதல் 17.02.2025 வரை முடிக்க முடியும். இதுவரை முடித்த வேகத்தை வைத்து இந்த நாட்களைக் கணக்கிட்டுள்ளேன். தகவல் பதிவு 24.02.2025-க்குள், பகுப்பாய்வு 06.03.2025-க்குள், நான்காவது, ஐந்தாவது இயல்கள் 24.03.2025-க்குள் முடியும். பல்கலைக்கழகம் குறித்துள்ள 15.04.2025 என்ற நாளில் மாற்றம் கேட்கவில்லை. முதல் இரண்டு இயல்கள் எழுதி முடித்து இத்துடன் வைத்துள்ளேன்.

இந்த நீட்டிப்பு இயலாது எனில், முதல் இரண்டு ஊர்களை மட்டும் வைத்துத் தலைப்பைச் சுருக்கிக்கொள்ளலாமா என்று தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு ஐயமும் உள்ளது. 118 பேர் வெள்ளத்துக்கு முன் பதில் சொன்னவர்கள். மற்றவர்கள் வெள்ளத்துக்குப் பின் சொல்லப்போகிறவர்கள். இருவரையும் ஒரே அட்டவணையில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. நேரில் பேச நேரம் ஒதுக்கித் தர வேண்டுகிறேன்.

இணைப்பு: ஊர்வாரிப் பட்டியல், களக்குறிப்பின் நகல், இயல் 1, 2.

தங்கள் உண்மையுள்ள மாணவி.

கடிதத்தில் வெள்ளத்தை வர்ணித்து ஒரு வரிகூட இல்லை. மூழ்கிய வீடுகளின் படமும் இணைக்கவில்லை. அந்த மாவட்டத்தில் என்ன நடந்தது என்பது நெறியாளருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதது ஆய்வுக்கு என்ன நடந்தது என்பது. கடிதம் முழுவதும் அதைத்தான் சொல்கிறது.

இன்னொரு நுட்பம், இரண்டு நாட்களைப் பிரித்துக் காட்டியது. வரைவைத் தன்னிடம் கொடுக்கும் நாளை நெறியாளர் மாற்றலாம். பல்கலைக்கழகம் குறித்த நாளை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. அவர் பரிந்துரைக்கலாம், துறைத் தலைவர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் போக வேண்டும். அங்கே பெரும்பாலும் கிடைப்பது அபராதத் தொகையுடன் சில நாள், இல்லையென்றால் அடுத்த பருவம். எந்த நாளைக் கேட்கிறோம் என்று சொல்லாத கடிதம், நெறியாளரால் தர முடிந்ததையும் தர முடியாததையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கணக்கே வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி சேர்ந்த நாளிலிருந்து அதிகபட்சம் ஆறு ஆண்டு, மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டு வரை. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு. அவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டியிருப்பதால், தாமதம் அங்கேயே பதிவாகிவிடுகிறது.

கடிதத்தின் கடைசிப் பத்திக்கு வருவோம். நெறியாளரை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான்.

மாணவியின் படிவத்தில் "கடந்த மூன்று மாதத்தில் வாங்கிய கடன்" என்றொரு கேள்வி இருந்தது. நவம்பரில் கேட்டால் அதில் தீபாவளிச் செலவு வரும், பள்ளிக் கட்டணம் வரும். ஜனவரி பிப்ரவரியில் கேட்டால் இடிந்த சுவர் வரும், செத்த ஆடு வரும், அடித்துக்கொண்டு போன நெற்பயிர் வரும், வரவில் 2,000 ரூபாய் நிவாரணமும் வரும். ஒரே கேள்விதான், அளப்பது வேறு. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால், அந்தச் சராசரி எந்தக் காலத்துக்கும் உரியதல்ல.

படிவத்தில் "முன்", "பின்" என்று குறித்துத் தனித்தனி அட்டவணை போட்டுவிடலாமே என்று மாணவி நேரில் கேட்டார். நெறியாளர் ஊர்வாரிப் பட்டியலைக் காட்டினார். "முன் என்று வருவதெல்லாம் மேட்டு ஊர். பின் என்று வருவதெல்லாம் ஏறக்குறைய ஆற்றங்கரை. நாளைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால், அது வெள்ளத்தாலா, ஊராலா? எப்படிம்மா பிரிப்பாய்?"

பிரிக்க முடியாது. கணினியில் எந்தச் சோதனையை ஓட்டினாலும் முடியாது. இரண்டு காரணங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே களத்திலிருந்து வந்திருக்கின்றன.

இரண்டாவது ஊரில் 40 முன், 30 பின் என்று வருமே, அதை ஒப்பிடலாமா என்று மாணவி யோசித்தார். நல்ல யோசனைதான். ஆனால் அந்த 40 பேர் எந்தத் தெரு என்று நெறியாளர் கேட்டபோது, எல்லாம் ஊர்த்தெரு என்றும், காலனிக்குப் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது என்றும் தெரிந்தது. ஊருக்கும் காலனிக்கும் நிலத்தில், வேலையில், யாரிடம் கடன் கிடைக்கும் என்பதில் உள்ள வேறுபாடு இந்த வட்டாரத்தை அறிந்த எவருக்கும் புதிதல்ல. ஆக அந்த ஒப்பீடும் நிற்காது.

வழி ஒன்று மிச்சமிருந்தது. ஏற்கெனவே பதில் சொன்ன 118 பேரில் 20 பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அவர்களிடம் மீண்டும் போய்க் கடன் பற்றிய மூன்று கேள்விகளை மட்டும் கேட்பது. அதே பெண், அதே வீடு, வெள்ளத்துக்கு முன்னும் பின்னும். இருபது பேரை வைத்துப் பெரிய முடிவு எதையும் சொல்ல முடியாது. மேட்டு ஊரில்கூடக் கடன் நகர்ந்திருக்கிறதா, எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று சொல்லலாம். இரண்டு மாலை வேலை. புதிய படிவங்களில் "இதில் வெள்ளத்துக்காக வாங்கியது எவ்வளவு" என்று ஒரு கேள்வியும் சேர்ந்தது.

இந்தச் சிக்கல் மாணவர்களுக்கு மட்டும் வருவதல்ல. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்று தமிழ்நாட்டில் 2020 ஜனவரியில் தொடங்கியது. மார்ச்சில் ஊரடங்கு வந்து நின்றது. டிசம்பரில் மீண்டும் தொடங்கி 2021 மார்ச்சில் முடிந்தது. ஒரே மாநிலத்தின் ஒரே அட்டவணைக்குள் பெருந்தொற்றுக்கு முந்தைய வீடுகளும் பிந்தைய வீடுகளும் இருக்கின்றன. அதன் அறிக்கை எந்த நாள் முதல் எந்த நாள் வரை, ஊரடங்குக்கு முன்னும் பின்னும், என்று களப்பணி நாட்களை அச்சிட்டிருக்கிறது. படிக்கிறவர் அதைத் தெரிந்துகொண்டு எண்களைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்போ தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஆம் தேதியை அடிப்படை நாளாகக் கொண்டு நடத்த அறிவிக்கை வந்தது. நாள் தள்ளிப்போனால் அடிப்படை நாளையும் மாற்றி அறிவிக்கிறார்கள். பழைய நாளைப் போட்டுக்கொண்டு புதிய மனிதர்களை எண்ணுவதில்லை.

கெடு நெருங்கும்போது மாணவர்கள் கடிதம் எழுதாமல் வேறு இரண்டு வழிகளில் இறங்குவதுண்டு. ஒன்று, கேள்விகளைக் கூகுள் ஃபார்மில் ஏற்றி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற விடுவது. இரண்டு நாளில் 182 பதில் வந்துவிடும். யாரிடமிருந்து? கையில் ஸ்மார்ட்போனும் நேரமும் உள்ளவர்களிடமிருந்து, பல சமயம் குழு உறுப்பினரின் மகனோ மகளோ தட்டியதாக. பதிவேட்டில் நான்குக்கு ஒருவர் என்று எடுத்த பட்டியல் அந்த நிமிடமே செல்லாததாகிவிடும்.

இன்னொன்று அதைவிட மோசம். அறையில் உட்கார்ந்து நிரப்புவது. இப்படி நிரப்பியவை அனுபவமுள்ள கண்ணுக்குத் தெரிந்துவிடும். கிராமத்தில் வயதைக் கேட்டால் "நாப்பது இருக்கும்", "நாப்பத்தஞ்சு போட்டுக்கோ" என்பார்கள். உண்மையான படிவங்களில் வயது 35, 40, 45, 50 என்று 0, 5 ஆகிய இலக்கங்களில் குவிந்து கிடக்கும். மக்கள்தொகை ஆய்வாளர்கள் இந்தக் குவியலை அளக்கத் தனிக் குறியீடே வைத்திருக்கிறார்கள். அறையில் எழுதியவற்றில் 37, 41, 43, 46 என்று வயது அழகாகப் பரவியிருக்கும். உண்மையான படிவங்களில் பதில் இல்லாத கட்டம் இருக்கும், அடித்துத் திருத்தியது இருக்கும், ஓரத்தில் "கணவர் வந்ததும் நிறுத்திவிட்டார்" என்ற குறிப்பு இருக்கும். கற்பனைப் படிவத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் நான்கு படிவத்தைக் கையில் எடுத்துப் புரட்டினாலே போதும். அதனால்தான் நெறியாளர்கள் பலர், தாமதம் என்று சொல்லிக்கொண்டு வரும் மாணவரைவிட, ஆற்றங்கரை மூழ்கிய ஆண்டிலும் 300-க்கு 300 கொண்டுவரும் மாணவரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள்.

நம் மாணவிக்கு மார்ச் 24 கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. களப்பணி நடக்கும்போதே, ஜனவரி 31-க்குள் மூன்றாவது இயலான ஆய்வு முறையியலை எழுதிக் கொடுக்க வேண்டும். களம் முடியட்டும் என்று காத்திருந்தால் எந்த நாளில் எது மாறியது என்பது மறந்துவிடும் என்றார் நெறியாளர். இருபது பேரை மறுபடி சந்திக்கும் வேலைக்காகத் தனியாக நாள் கூட்டவில்லை. மாணவியும் கேட்கவில்லை.

களப்பணி பிப்ரவரி 19-ஆம் தேதி முடிந்தது. திட்டத்தைவிட இரண்டு நாள் அதிகம். 300-க்கு 291 படிவங்கள். ஒன்பது வீடுகள் மூன்று முறை போயும் பூட்டியே இருந்தன. அவற்றில் ஆறு, ஆற்றங்கரை ஊர்களில் வெள்ளத்துக்குப் பின் உறவினர் ஊருக்குப் போய் இன்னும் திரும்பாதவர்களுடையவை. மூன்றாவது இயலின் கடைசிப் பத்தியில், கடிதத்தில் இருந்த அதே ஊர்வாரிப் பட்டியல் ஓர் அட்டவணையாக இடம்பெற்றது. ஒவ்வொரு ஊருக்கும் எதிரே "28.11.2024-க்கு முன்", "20.01.2025-க்குப் பின்" என்று இரண்டு பத்திகள், மூன்றாவதாக "சந்திக்க இயலாதவர்கள்". அட்டவணைக்குக் கீழே, அந்த ஆறு வீட்டுப் பெண்கள் எங்கே போனார்கள் என்று அக்கம்பக்கத்தார் சொன்னதும் எழுதப்பட்டிருந்தது.